ஆண்டறிக்கைகளின் தமிழாக்கத்தைச் சரிபார்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் காலாண்டு அறிக்கைகளும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் நெறிமுறைகளில் ஒரு விதியை மாற்றக் கோரி இம்மடலை எழுதுகிறேன். 'மூலத்தில் ஒரு வாக்கியம் இருந்தால் தமிழிலும் ஒரே வாக்கியம் இருக்க வேண்டும்' என்பது அந்த விதி. பல ஆண்டுகளாக அறிக்கைகளை மொழிபெயர்த்துவரும் எனக்கு, அண்மையில் ஒரு நிறுவனத்தின் அறிக்கை திரும்பி வந்தது. ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் 'வாக்கியம் பிரிக்கப்பட்டுள்ளது, ஒன்றாக்கவும்' என்ற சிவப்புக் குறிப்பு இருந்தது. குறிப்பு எழுதியவர் கவனமானவர். ஓர் எண்கூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. விதிப்படிதான் நடந்தார். ஆனால் அவர் சொன்னபடி ஒன்றாக்கியபோது வாக்கியங்களின் பொருளே மாறியது. எப்படி மாறியது என்பதை ஒரே ஒரு வாக்கியத்தைக் கொண்டு விளக்குகிறேன். இது எந்த நிறுவனத்தின் அறிக்கையிலிருந்தும் எடுத்ததன்று. இத்தகைய அறிக்கைகளில் அன்றாடம் வரும் அமைப்பில் நானே உருவாக்கியது.

அந்த ஆங்கில வாக்கியத்தின் பகுதிகளை, அவை ஆங்கிலத்தில் வரும் அதே வரிசையில், தமிழில் அடுக்கிக் காட்டுகிறேன். முதலில் 'நிறுவனத்தின் செயல்பாட்டு லாபம்' என்ற எழுவாய் வருகிறது. அடுத்து, இடைச்செருகலாக, 'முதல் அரையாண்டில் அது 8 சதவீதம் வளர்ந்திருந்தது' என்ற செய்தி. உடனே 'இரண்டாம் அரையாண்டில் 12 சதவீதம் குறைந்தது' என்ற முதன்மை வினை. அதற்குப்பின் காரணம்: 'மூலப்பொருள்களின் விலை கடுமையாக உயர்ந்ததே முதன்மைக் காரணம்'. மூலப்பொருள்கள் என்ற சொல்லை ஒட்டி, 'அவை பெரும்பாலும் இறக்குமதி செய்யப்படுபவை' என்று ஒரு செருகல். விலை எப்போது உயர்ந்தது என்பதற்கு, 'நாணய மதிப்பு சரிந்த பின்' என்று ஒரு குறிப்பு. பிறகு 'எனினும் நிர்வாகம் நம்புகிறது' என்று தொடங்கி, 'இக்குறைவு சீராகும்' என்று சென்று, 'புதிய கொள்முதல் ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்ததும்' என்று காலம் சொல்லி, நடுவில் 'அவை நான்காம் காலாண்டில் கையெழுத்தானவை' என்று செருகி, கடைசியாக 'சந்தைத் தேவை மேலும் குறையாவிட்டால்' என்ற நிபந்தனையோடு முற்றுப்புள்ளி வருகிறது.

ஆங்கிலத்தில் இதைப் படிப்பவருக்குப் பெரிய சிரமம் இருக்காது. எழுவாயும் முதன்மை வினையும் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. லாபம் குறைந்தது என்பது தெரிந்தபின், மற்றவை ஒவ்வொன்றும் அதன் வலப்பக்கம் தொங்கும் விளக்கங்களாக வந்து சேர்கின்றன. தமிழில் வினை இறுதியில் நிற்கிறது. பெயரை விளக்கும் எச்சங்கள் அப்பெயருக்கு முன்னால் நிற்கின்றன. ஆகவே ஆங்கிலத்தில் வலப்பக்கம் தொங்கியவை யாவும் தமிழில் இடப்பக்கம் வந்து அடுக்கப்படும். எதற்காக இவற்றைச் சுமக்கிறோம் என்று அறியாமலே வாசகர் அனைத்தையும் சுமந்துகொண்டு வினைவரை நடக்க வேண்டும்.

உங்கள் விதிப்படி ஒரே வாக்கியமாக்கினால் கிடைப்பது இது:

"முதல் அரையாண்டில் 8 சதவீதம் வளர்ந்திருந்த நிறுவனத்தின் செயல்பாட்டு லாபம், நாணய மதிப்பு சரிந்த பின் பெரும்பாலும் இறக்குமதி செய்யப்படும் மூலப்பொருள்களின் விலை கடுமையாக உயர்ந்ததை முதன்மைக் காரணமாகக் கொண்டு, இரண்டாம் அரையாண்டில் 12 சதவீதம் குறைந்தது எனினும், சந்தைத் தேவை மேலும் குறையாவிட்டால், நான்காம் காலாண்டில் கையெழுத்தான புதிய கொள்முதல் ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்ததும் இக்குறைவு சீராகும் என்று நிர்வாகம் நம்புகிறது."

இதில் இலக்கணப் பிழை என்று அடிக்கோடிட எதுவும் இல்லை. எண்கள் சரி, சொற்கள் சரி, எதுவும் விடுபடவில்லை. சரிபார்ப்பில் இது எளிதில் தேறிவிடும். ஆனாலும் இதில் நான்கு இடங்களில் பொருள் பிசகியிருக்கிறது.

முதல் பிசகு தொடக்கத்திலேயே இருக்கிறது. 'வளர்ந்திருந்த' என்ற பெயரெச்சம் தனக்கு அடுத்து வரும் பெயரைப் பற்றிக்கொள்ளும். அடுத்து நிற்பது 'நிறுவனத்தின்' என்ற சொல். எனவே 8 சதவீதம் வளர்ந்தது நிறுவனம் என்று வாசகர் முதலில் கொள்வார். லாபம் என்ற சொல்லை எட்டியபின் சிலர் திரும்பி வந்து திருத்திக்கொள்வார்கள். எல்லாரும் திரும்பி வருவதில்லை.

இரண்டாவது பிசகு 'நாணய மதிப்பு சரிந்த பின் பெரும்பாலும் இறக்குமதி செய்யப்படும்' என்ற இடத்தில். 'சரிந்த பின்' என்பது 'உயர்ந்ததை' என்ற சொல்லுக்கு உரியது. ஆனால் அதற்கு முன்பே 'இறக்குமதி செய்யப்படும்' என்ற வினை குறுக்கே வந்து அதை வாங்கிக்கொள்கிறது. நாணயம் சரிந்தபின்தான் இறக்குமதி தொடங்கியது என்று வாக்கியம் சொல்வதாகிவிடுகிறது.

மூன்றாவது பிசகு நுட்பமானது. இதைச் சரிபார்ப்பில் எவரும் குறித்து நான் கண்டதில்லை. ஆங்கிலத்தில் பெயரை ஒட்டி வரும் துணைவாக்கியம் இருவகைப்படும். ஒன்று, எந்தப் பொருள் என்று பிரித்துக் காட்டுவது. மற்றொன்று, ஏற்கெனவே தெரிந்த பொருளைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி சொல்வது. இரண்டாவது வகையை ஆங்கிலம் இருபுறமும் காற்புள்ளி இட்டு வேறுபடுத்துகிறது. தமிழ்ப் பெயரெச்சத்துக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. பெரும்பாலும் அது பிரித்துக் காட்டுவதாகவே படிக்கப்படும். 'பெரும்பாலும் இறக்குமதி செய்யப்படும் மூலப்பொருள்களின் விலை உயர்ந்தது' என்றால், அத்தகைய மூலப்பொருள்களின் விலை மட்டும் உயர்ந்தது, மற்றவற்றின் விலை உயரவில்லை என்று பொருள்படும். மூலம் சொன்னதோ எல்லா மூலப்பொருள்களையும் பற்றி. முதலீட்டாளர் ஒருவர் இதைப் படித்து, உள்நாட்டுக் கொள்முதலுக்கு மாறினால் சிக்கல் தீரும் என்று முடிவுகட்டினால், அந்த முடிவுக்கு மூலத்தில் ஆதாரம் இல்லை.

நான்காவது பிசகைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறுவன அறிக்கையில் மிகுந்த தீங்கு செய்வது இதுதான். தமிழ் வாக்கியத்தில் உறுதிப்பாடு வினைமுற்றில் குடியிருக்கிறது. முற்றி நிற்கும் வினை எதுவோ அதுவே அந்த வாக்கியம் உரைக்கும் செய்தி. முன்னால் வந்தவை அதற்கு வழிவிட்டு நிற்பவை. ஆங்கில மூலத்தில் முதன்மை வினை 'குறைந்தது'. நிர்வாகத்தின் நம்பிக்கை அங்கே பின்னொட்டாக வந்த துணைச்செய்தி. மேலே கண்ட தமிழ் வாக்கியத்தில் 'குறைந்தது' என்பது 'எனினும்' என்ற சொல்லிடம் தன் முற்றுத்தன்மையை இழந்து, விட்டுக்கொடுக்கும் பேச்சாகிவிட்டது. வாக்கியம் முற்றுவது 'நம்புகிறது' என்பதில். லாபம் குறைந்தது என்பதைச் சொல்ல எழுதப்பட்ட வாக்கியம், தமிழில் நிர்வாகத்தின் நம்பிக்கையைச் சொல்ல எழுதப்பட்ட வாக்கியமாக மாறியிருக்கிறது. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது, ஏனெனில் எல்லாச் சொற்களும் இருக்கின்றன. இடம் மாறியது எடை மட்டுமே.

இனி, இதே வாக்கியத்தை நான் எப்படி எழுதுகிறேன் என்று காட்டுகிறேன். மூலத்தைப் படித்தபின் முதலில் செய்வது, அதில் உள்ள வினைகளை எண்ணுவது. மேலே கண்ட வாக்கியத்தில் எட்டு வினைகள் உள்ளன: வளர்ந்தது, குறைந்தது, இறக்குமதியாவது, சரிந்தது, உயர்ந்தது, கையெழுத்தானது, நடைமுறைக்கு வருவது, சீராவது. இவற்றோடு 'நம்புகிறது' என்பதும் தேவை 'குறையாவிட்டால்' என்பதும் உண்டு. அவற்றைத் தனியே குறித்துவைக்கிறேன். ஒன்று யாருடைய கூற்று என்பதைக் காட்டுவது, மற்றொன்று நிபந்தனை. எட்டில் எவை நடந்து முடிந்தவை, எவை இனி நடக்கலாம் என்று கருதப்படுபவை என்று பிரிக்கிறேன். இங்கே ஆறு நடந்தவை அல்லது வழக்கமாக நடப்பவை. கடைசி இரண்டும் எதிர்பார்ப்பு. நடந்தவற்றுக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையில்தான் முதல் முற்றுப்புள்ளி விழ வேண்டும். மற்ற பிரிப்புகள் அதற்குப் பின்னரே.

"நிறுவனத்தின் செயல்பாட்டு லாபம் முதல் அரையாண்டில் 8 சதவீதம் வளர்ந்து, இரண்டாம் அரையாண்டில் 12 சதவீதம் குறைந்தது. நாணய மதிப்பு சரிந்த பின் மூலப்பொருள்களின் விலை கடுமையாக உயர்ந்ததே இக்குறைவுக்கு முதன்மைக் காரணம். இம்மூலப்பொருள்களில் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படுகிறது. எனினும், நான்காம் காலாண்டில் புதிய கொள்முதல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியுள்ளன. சந்தைத் தேவை மேலும் குறையாவிட்டால், இவ்வொப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்ததும் இக்குறைவு சீராகும் என்று நிர்வாகம் நம்புகிறது."

முதல் வாக்கியத்தை நான் இரண்டாகப் பிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். 'வளர்ந்து', 'குறைந்தது' என்ற இரண்டு வினைகளுக்கும் எழுவாய் ஒன்றே. நிகழ்ந்த வரிசையும் அதுவே. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இப்படிப்பட்ட இடத்துக்கென்றே அமைந்தது. தொல்காப்பிய வினையியல், செய்து, செய்யூ, செய்பு என்ற முதல் மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்கிறது. அதாவது, எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பது போலக் காரண காரியமாக வருபவற்றை வழக்கு ஏற்றுக்கொள்கிறது. பொதுவிதி அதனால் தளர்வதில்லை. இந்த விதிக்கு உட்பட்டால் தமிழ் வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் தெளிவு குன்றாது. நீளத்தை நான் எதிர்ப்பதாக எண்ண வேண்டாம். விதியை மீறி எச்சங்களை அடுக்கினால் குட்டி வாக்கியமும் குழம்பிவிடும். 'கணக்குப் புத்தகங்களை ஆய்வு செய்து, தணிக்கையாளர் கேட்ட விளக்கங்களை நிர்வாகம் அளித்தது' என்ற வாக்கியத்தில் ஆய்வு செய்தவர் தணிக்கையாளரா, நிர்வாகமா? 'தணிக்கையாளர் கணக்குப் புத்தகங்களை ஆய்வு செய்து சில விளக்கங்கள் கேட்டார். நிர்வாகம் அவற்றை அளித்தது' என்றால் ஐயமில்லை.

இறக்குமதி பற்றிய வாக்கியத்தை எழுதும்போது நான் ஒருமுறை வழுக்கினேன். அதையும் சொல்வது நேர்மை. என் முதல் வரைவில் 'பெரும்பகுதி இறக்குமதியாவதால், நாணய மதிப்பு சரிந்தபோது விலை உயர்ந்தது' என்று எழுதியிருந்தேன். படிக்க இனிமையாக இருந்தது, பொருளியலுக்கும் பொருந்தியது. ஆனால் மூலம் 'ஆல்' என்று சொல்லவில்லை. அவை இறக்குமதியாகின்றன என்றது. நாணயம் சரிந்த 'பின்' விலை உயர்ந்தது என்றது. இரண்டையும் காரணத்தால் முடிச்சுப்போட்டது நான். பிரித்து எழுதும்போது வாக்கியங்களுக்கு இடையே ஒட்டுச்சொல் தேடுகிறோம். அந்தத் தேடலில் 'இதனால்', 'எனவே', 'ஆதலால்' போன்றவை தாமாகவே வந்து விழுகின்றன. பிரிப்பதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். நீங்கள் சிவப்புக் குறிப்பு இட வேண்டிய இடம் இது. மூலத்தில் இல்லாத காரணச்சொல்லை நான் புகுத்தினால் தயங்காமல் அடியுங்கள்.

கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். சட்டப் பிரிவினர் வாக்கியப் பிரிப்பை அஞ்சுவதற்குக் காரணம் இத்தகைய இடங்களே என்பதை அறிவேன். அந்த அச்சம் நியாயமானது. 'சீராகும்' என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து, 'இது நிர்வாகத்தின் நம்பிக்கை' என்று அடுத்த வாக்கியத்தில் எழுதினால், முதல் வாக்கியம் நிறுவனம் அளிக்கும் வாக்குறுதியாகிவிடும். எவரேனும் அதை மட்டும் மேற்கோள் காட்டினால் மறுக்க இயலாது. ஆகவே எதிர்பார்ப்பும், அது யாருடையது என்பதும், அதன் நிபந்தனையும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எதிர்பார்ப்பு நீண்டு இரண்டு வாக்கியங்களாகத்தான் வரும் என்றால், இரண்டிலும் 'என்று நிர்வாகம் நம்புகிறது', 'என்பது நிர்வாகத்தின் மதிப்பீடு' என்பது போன்ற சொற்கள் திரும்ப வர வேண்டும். சுருக்கம் கருதி இரண்டாவதில் அதை விட்டுவிடுவதே வழக்கமாக நடக்கும் தவறு.

நிபந்தனையின் இடமும் அங்கே முக்கியம். 'நிர்வாகம்' என்ற எழுவாயை முன்னால் கொண்டுவந்து, 'சந்தைத் தேவை மேலும் குறையாவிட்டால் நிர்வாகம், இக்குறைவு சீராகும் என்று நம்புகிறது' என்று எழுதினால், நிபந்தனை நம்பிக்கையைச் சேர்ந்ததாகிவிடும். தேவை குறையாவிட்டால்தான் நிர்வாகம் நம்பும் என்று பொருள்படும். நிபந்தனை 'சீராகும்' என்பதைச் சேர வேண்டுமானால், அது 'என்று' என்னும் சொல்லுக்குள் அடங்க வேண்டும், அந்த 'என்று' எழுவாய்க்கு முன்பே வந்துவிட வேண்டும். 'நிர்வாகம்' என்ற சொல்லை 'என்று' என்பதற்குப் பின்னால் வைத்தது அதற்காகவே.

'இவ்வொப்பந்தங்கள்', 'இக்குறைவு', 'இம்மூலப்பொருள்கள்' என்று பெயர்களைத் திரும்பச் சொன்னதற்கும் சிவப்புக் குறிப்பு வந்தது. ஆங்கிலத்தில் துணைவாக்கியத்தைக் கோக்கும் பிரதிப்பெயர் செய்யும் வேலையைத் தமிழில் செய்வது சுட்டெழுத்தோடு திரும்ப வரும் பெயர்தான். 'அவை' என்று சுருக்கினால், விலைகளையா மூலப்பொருள்களையா என்று கேட்க இடம் உண்டாகும்.

மென்பொருள் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பு மென்பொருள் மூலத்தை வாக்கியம் வாக்கியமாகக் கட்டங்களில் இடுவதால்தான் இந்த விதி பிறந்ததோ என்று எண்ணுகிறேன். ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டம் என்பதுதான் மென்பொருளின் தேவை. அந்தக் கட்டத்துக்குள் தமிழ் வாக்கியங்கள் ஐந்து இருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். எண்களைச் சரிபார்க்கும் வசதியும் 8, 12 என்ற இரண்டும் அதே கட்டத்தில் இருப்பதால் குறை சொல்லாது. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ஒரு கட்டத்தின் செய்தியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவது. அப்படிச் செய்தால் மொழிபெயர்ப்பு நினைவகத்தில் இணைகள் பிறழ்ந்து, அடுத்த ஆண்டு அதே ஆங்கில வாக்கியம் வரும்போது பொருந்தாத தமிழ் வந்து நிற்கும்.

பிரிக்கவே கூடாத வாக்கியங்களும் அறிக்கையில் உண்டு. தணிக்கையாளரின் கருத்துரை அவற்றில் முதன்மையானது. 'எங்கள் கருத்தில்' என்ற தொடரும், கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்ற கூற்றும், எந்தக் கணக்கியல் தரங்களின்படி என்ற வரையறையும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. அங்கே முற்றுப்புள்ளியால் உதவ முடியாது, வரிசையால் உதவலாம். 'எங்கள் கருத்தில்' என்று தொடங்கிவிட்டால், பின்னால் வருவது கருத்து என்று வாசகர் முதல் சொல்லிலேயே அறிந்துகொள்வார். கணக்கியல் கொள்கைக் குறிப்புகளில் வரும் வரையறைகளும் அவ்வாறே. வரையறையையும் அதன் விலக்கையும் முற்றுப்புள்ளி பிரித்துவிடக் கூடாது.

சரிபார்க்கும்போது நீங்கள் செய்யக்கூடிய ஓர் எளிய சோதனையைச் சொல்கிறேன். தமிழ் வாக்கியத்தை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஒரே ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். தாளை மூடிவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: எது வளர்ந்தது? எதன் விலை உயர்ந்தது? எது நடந்தது, எது நடக்கும் என்று யார் சொன்னார்கள்? கடைசிக் கேள்வியில் மட்டும் இரண்டு பகுதிகள் உண்டு. பெரும்பாலோர் தடுமாறுவதும் அங்கேதான். தடுமாறினால், அந்த வாக்கியம் மூலத்தோடு எவ்வளவு பொருந்தினாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.

ஆகவே உங்கள் நெறிமுறையின் அந்த விதியை நீக்கி, அதன் இடத்தில் பின்வருமாறு எழுத வேண்டுகிறேன்: "மூல வாக்கியத்தின் செய்தி முழுவதும், கூட்டலோ குறைத்தலோ இன்றி, அதே கட்டத்துக்குள் தமிழில் இருக்க வேண்டும். மூலத்தின் முதன்மை வினை தமிழிலும் வினைமுற்றாக நிற்க வேண்டும். எதிர்பார்ப்பு, அதன் நிபந்தனை, அது யாருடையது என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் முற்றுப்புள்ளி பிரிக்கக் கூடாது. இவற்றுக்கு உட்பட்டு, வாக்கியங்களின் எண்ணிக்கையை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்வார்."

அடுத்த அறிக்கையில் இதைச் சோதித்துப் பார்க்க நீங்கள் இசைந்தால், அதன் நிர்வாக விவாதப் பகுதியை இரண்டு முறைகளிலும் மொழிபெயர்த்துத் தர அணியமாக இருக்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்து, மேலே சொன்ன கேள்விகளை உங்கள் குழுவினரிடமே கேட்டுப் பாருங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்